ஒன்பதில் ஐந்து போனால் ஒன்று

பெரிய அலுமினியத் தாம்பாளம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அதன் முதுகில் பதினாறு குச்சிகள். ஜன்னலில் ஒட்டிய வெள்ளித்தாளின் கிழிசல் வழியாக ஒரு விரல் அகலத்துக்கு வெயில் இறங்கி, குச்சிகளின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு நிழல். எது குச்சி, எது நிழல் என்று பிரித்தெடுக்க எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. பிறகு எழுத்து கூடி வந்தது.

9 − 5 = 1

ஒன்பதில் ஐந்து போனால் ஒன்று. தப்புக் கணக்கு. ஒரே ஒரு குச்சியை எடுத்து வேறிடத்தில் வைத்து இதைச் சரியாக்க வேண்டும். முதலில் சரியாக்குகிறவன் ஊருக்குப் போகலாம். மற்றவன் இங்கேயே இருக்க வேண்டும்.

தாம்பாளத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கதிர்வேல். ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோறு முடிந்த நேரம். வெளியே புழுதிக்காற்று வீசி, வானமும் தரையும் ஒரே பழுப்பில் கரைந்திருந்தன. ஏசியின் முனகல் மட்டும் கேட்டது. கடலுக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் தோஹாவில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியபோது, "சண்டையே போடாத அறை ஒன்றுகூட இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தது அம்மா. இந்த ஷார்ஜா அறையில் சண்டை குச்சிகளால் நடந்தது.

ஒரு எந்திரம், இரண்டு பேர்

அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறை எங்களுடையது. நீள நீளமான சட்டங்களை அளவுக்கு அறுக்கும் கட்டிங் மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கதிர்வேலும் நானும். அவன் சாத்தூர்ப் பக்கம். நான் ஒரத்தநாட்டுப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவன் என்றாலும், நரையில் எனக்குச் சமம்.

அவனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். கதிர்வேல் இங்கே வந்து சேர்ந்த மூன்றாம் மாதம் பிறந்தான். ஆகவே அப்பன் மகனை ஃபோன் திரையின் அகலத்துக்குத்தான் பார்த்திருக்கிறான். பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

என் கதை இது. என் மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்த வாரம் என் விசா புதுப்பிப்பில் இருந்தது, கடவுச்சீட்டு கையில் இல்லை. தாரை வார்த்துக் கொடுத்தது என் தம்பி. நான் பட்டறைக் கழிப்பறையில் நின்று, மேளச் சத்தத்தை ஃபோனில் கேட்டேன். அப்போதே அவளிடம் சொன்னேன், வளைகாப்புக்கு நான் அங்கே இருப்பேன் என்று. அந்த ஏழாம் மாதமும், கதிர்வேல் மகனின் பதினோராம் மாதமும் ஒரே மாதமாக வந்து நின்றன.

இரண்டு பேரும் போய் லீவு கேட்டோம். சூப்பர்வைசர் மலையாளி, நல்ல மனுஷன். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாளும் போயா மெஷின் யாரு ஓட்டும்? என் அப்பனா? ஒருத்தன் போ, திரிச்சு வா, பின்னே மத்தவன் போ. யாரு ஆதியம், யாரு பின்னேன்னு நீங்களே பேசி முடிச்சு, திங்கக்கிழமை காலையில ஒரே ஒரு ஃபாரம் கொண்டு வா. கலாஸ், முடிஞ்சு."

பேசி முடிக்கவில்லை. பேச்சே முடிந்துபோனது. ஒரு வாரம் நானும் கதிர்வேலும் ஒரே மெஷினின் இரண்டு முனைகளில் நின்று, அளவை மட்டும் சொல்லிக்கொண்டோம். "ஆயிரத்து இருநூறு." "ஆயிரத்து இருநூறு." அவ்வளவுதான். ரம்பத்தின் கூச்சல் எங்களுக்கு வசதியாக இருந்தது.

குச்சி வந்த வழி

அறையில் மூன்றாவது ஆள் தவராசா அண்ணை. வவுனியாக்காரர், கண்ணாடி பொருத்துகிறவர். நாலாவது கட்டிலில் ஆள் இல்லை, பெட்டிகள் படுத்திருந்தன.

கேம்ப் அறையில் தீப்பெட்டி வைக்கக் கூடாது. சோதனைக்கு வருகிறவர் தலையணையைக்கூட முகர்ந்து பார்ப்பார். ஆனால் கதிர்வேலிடம் ஒரு கட்டு குச்சி இருந்தது, மருந்து முக்காத வெறும் குச்சி. அவன் வீட்டில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்தவர்கள். ஊரிலிருந்து வரும்போது ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிப் பாதுகாப்புக்காகச் செருகிக் கொடுத்தது, அப்படியே தங்கிவிட்டது. எரியும் தலை இல்லாத தீக்குச்சி. சோதனைக்காரர் ஒன்றை எடுத்துப் பல் குத்திப் பார்த்துவிட்டு, "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை, என்று போய்விட்டார்.

முதல் தடவை அந்தக் கட்டைப் பிரித்துத் தரையில் கொட்டியபோது, பச்சை மரத்தின் வாசனை லேசாக வந்தது. தாளும் அலுமினியமும் மட்டுமே மணக்கும் அறையில் அது ஒரு காட்டின் மூச்சு. ஒரு குச்சியை மூக்கில் வைத்துக்கொண்டே நான் தூங்கிய நாட்கள் உண்டு.

அந்தக் கட்டைத்தான் தவராசா அண்ணை கணக்கு விளையாட்டாக்கினார். ஏசி ரிமோட்டில் 22 என்று தெரிகிறதே, அதே கட்டை எழுத்து. எட்டுக்கு ஏழு குச்சி: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, இடமும் வலமும் இரண்டிரண்டு. மற்ற எண்கள் எல்லாம் அந்த எட்டில் குறைவுபட்டவை. நடுக்குச்சி போனால் பூஜ்ஜியம். கீழ் இடக்குச்சி போனால் ஒன்பது. மேல் வலக்குச்சி போனால் ஆறு. அந்த இரண்டும் சேர்ந்து போனால் ஐந்து. வலப்பக்க இரண்டு மட்டும் மிஞ்சினால் ஒன்று.

கழித்தலுக்கு ஒரு குச்சி படுக்கும். கூட்டலுக்கு அதன் மேல் ஒன்று நிற்கும். சமத்துக்கு இரண்டு குச்சி, தண்டவாளம் மாதிரி.

அறைக்குச் சட்டங்கள் இருந்தன. ஒரு குச்சிதான் நகரலாம். தொட்டால் தொட்டதுதான், வேறொன்றுக்குத் தாவக் கூடாது. குச்சியை உடைக்கக் கூடாது. கடைசியாக, சமத்தின் மேல் குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்து வைத்து "சமமில்லை" என்று ஆக்கக் கூடாது.

"அப்பிடிச் செய்தா எந்தப் பிழைக் கணக்கும் சரியாகிப் போடும். அது கள்ளவழி. மூளைக்கு வேலையில்லை" என்பார் தவராசா அண்ணை.

கீழ்க்கட்டில் யாருக்கு, ஞாயிற்றுக்கிழமை கறி யார் சமைப்பது, ஏசி இருபத்திரண்டா இருபத்து நாலா, எல்லாம் இந்தத் தாம்பாளத்தின் முதுகில்தான் தீர்ந்தன. தோற்றவன் முணுமுணுக்கலாம், மறுக்க முடியாது. குச்சி சொன்னால் சொன்னதுதான்.

மிகச் சின்ன அறை

கணக்கு மட்டும் இல்லை. உருவங்களும் உண்டு.

நான்கு குச்சிகளைக் கூட்டல் குறி மாதிரி நான்கு திசைக்கு ஒன்றாகத் தவராசா அண்ணை வைப்பார். நடுவில் நான்கின் நுனிகளும் முட்டிக்கொண்டு நிற்கும். "ஒண்டை மட்டும் அசைச்சு ஒரு சதுரம் காட்டு பாப்பம், கவிஞர்." என் பெயரை அவர் சொன்னதே இல்லை. பத்திரிகையில் எழுதுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து நான் கவிஞர்.

சதுரத்துக்கு நான்கு பக்கம் வேண்டும், நான்கும் நாலு திசையில் போய்க்கொண்டிருக்கின்றனவே என்று நான் ஒரு வாரம் அலைந்தேன். ஒன்றை எடுத்து இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன். மெஷினில் நிற்கும்போதும் அதே நினைவு.

விடை இவ்வளவுதான். இடமும் வலமும் உள்ள இரண்டு குச்சிகளுக்கு நடுவே கீழ்க்குச்சியின் நுனி ஆப்பு மாதிரி செருகி, மேல்குச்சியை முட்டியிருக்கும். அந்தக் கீழ்க்குச்சியைத் தன் தடிமன் அளவுக்கு மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். அது விலகிய இடத்தில், நான்கு நுனிகளுக்கு நடுவே, ஒரு எறும்பு குடியிருக்கும் அளவுக்கு ஒரு சதுரம் திறக்கும். சதுரமான மரக்குச்சியில்தான் இது நடக்கும். பக்காலா என்கிற மளிகைக் கடையில் விற்கிற மெழுகுக் குச்சி உருண்டை, வராது. அதுவுமில்லாமல் இந்த ஊர் வெயிலில் மெழுகு குழைந்து, ஒன்று என்று வைத்தது வளைந்து கும்பிடு போடும்.

அந்தச் சின்னச் சதுரத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கட்டவில்லை. ஒருவர் கொஞ்சம் விலகியதால் மட்டும் உண்டான அறை. அதற்குள் வெளிச்சம்கூட இருந்தது.

அன்றைக்கு அது ஒரு விடை என்று மட்டும் நினைத்தேன்.

தோஹாவில் ஒரு தண்ணீர்க் குவளை

இன்னும் பழைய ஒன்றும் சொல்லிவிட வேண்டும். ஷார்ஜாவுக்கு முன்னால் நான் தோஹா தொழில்பேட்டையில் இருந்தபோது, ஒரு தெலுங்கு வெல்டர் வெல்டிங் கம்பிகளால் ரோமன் எண்களில் ஒரு கணக்கு வைத்தார்.

XI + I = X

பதினொன்றும் ஒன்றும் பத்து. "ஒரு கம்பியும் தொடாம இதைச் சரி பண்ணு பாய்" என்றார். தொடாமல் எப்படி? பைத்தியக்காரன் என்று விட்டுவிட்டோம். கணக்கு இரண்டு நாள் ஷெட் தரையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் குளிர்பெட்டியில் தண்ணீர் பிடிக்க எதிர்ப்பக்கம் போனவன், குவளை வழிவதுகூடத் தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தான். அங்கிருந்து பார்த்தால் அது இப்படி இருந்தது:

X = I + IX

பத்து என்பது ஒன்றும் ஒன்பதும். எதுவும் நகரவில்லை. அவன்தான் நகர்ந்திருந்தான்.

இதை நான் என் கண்ணால் பார்த்தவன். நண்பர்களுக்குக் கதையாகச் சொன்னவன். அப்படியிருந்தும், எனக்கு என்று ஒரு கணக்கு வந்தபோது மறந்தேன்.

தாம்பாளத்தின் இரண்டு கரைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திங்கள் காலை ஃபாரம் கொடுக்க வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் கதைக்கப் போறதில்லை. குச்சி கதைக்கட்டும்" என்றார் தவராசா அண்ணை. நாங்கள் தலையாட்டினோம், ஒருவரையொருவர் பார்க்காமல்.

வழக்கமாகக் குச்சிக் கணக்குக்கு எல்லோரும் என் கட்டில் பக்கமாகவே தோளோடு தோள் இடித்து உட்காருவோம். அன்றைக்குக் கதிர்வேல் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். என் தோள் படக் கூடாது அவனுக்கு.

தவராசா அண்ணை நியாயஸ்தர். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவனுக்குக் கணக்கு தலைகீழாகத் தெரியுமே என்று யோசித்தார். மூன்று தலைகீழானால் எண்ணே இல்லை. நாலும் ஏழும் அப்படித்தான். ஆகவே அந்த மூன்று எண்களையும் தள்ளிவிட்டு, எந்தப் பக்கம் நின்றாலும் எண்ணாகவே தெரியும் எண்களாகப் பொறுக்கிக் கணக்கை அடுக்கினார்.

"ரெண்டு பக்கத்தாலயும் வாசிக்கலாம். ஒருத்தருக்கும் அநியாயமில்லை. தொடங்குங்கோ."

அவர் செய்த ஒரே பிழை அதுதான். எண்ணாக இருக்குமா என்று பார்த்தார். அதே எண்ணாக இருக்குமா என்று பார்க்கவில்லை.

எனக்கு விடை சீக்கிரம் வந்தது. ஒன்பதின் மேல் வலக்குச்சியை எடுத்துக் கீழ் இடப்பக்கம் வைத்தால் ஆறு. எடுத்தேன், வைத்தேன்.

6 − 5 = 1

"ஆச்சு" என்றேன். ஒரு நொடி எனக்கு மஞ்சள் வாசனை வந்தது. பந்தல், கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம், தேன்மொழியின் முகம்.

"என்னாச்சு?" என்றான் கதிர்வேல். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக? அஞ்சுல ஒம்போது போனா ஒண்ணா? எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக?"

"ஏய், ஆறுல அஞ்சு போனா ஒண்ணு. கண்ணத் தொறந்து பாரு."

"எங்கருக்கு ஆறு? இங்க ஒம்போதுல்ல இருக்கு! யோவ் அண்ணாச்சி, இவரு ஏமாத்துதாரு."

"நானா? ஊருக்குப் போற அவசரத்துல ஒனக்குக் கண்ணு போயிடுச்சு."

"எனக்கு அவசரம்தான். புள்ள மொகத்தப் பாக்காதவனுக்கு அவசரம் இருக்காதாக்கும்!"

தவராசா அண்ணை நெற்றியில் கை வைத்தார். பிறகு என் குச்சியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். "தம்பி, இப்ப நீ செய். உனக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணு சமம், அஞ்சு கழித்தல் ஆறு."

1 = 5 − 6

நான் பார்த்துக்கொண்டிருந்தது 9 − 5 = 1. அவன் படித்தது இது. என் ஒன்பது அவனுக்கு ஆறு. என் ஐந்து அவனுக்கும் ஐந்துதான், ஆனால் நான் எதைக் கழித்தேனோ அதிலிருந்து அவன் கழித்துக்கொண்டிருந்தான்.

கதிர்வேல் ஆறின் கீழ் இடக்குச்சியை எடுத்தான். ஆறு ஐந்தானது. அந்தக் குச்சியை நடுவில் இருந்த ஐந்தின் கீழ் இடப்பக்கத்தில் வைத்தான். ஐந்து ஆறானது.

1 = 6 − 5

"இதாண்ணே சரி" என்றான். அவன் சொன்னது சத்தியம். என் பக்கத்திலிருந்து அது 5 − 9 = 1 என்று இருந்தது. அதுவும் சத்தியம்.

நான் சரியாக்கினால் அவனுக்குத் தப்பு. அவன் சரியாக்கினால் எனக்குத் தப்பு. ஒரே பதினாறு குச்சிகள்.

இடம் மாறி உட்கார்ந்தோம்

"எழும்புங்கோ ரெண்டு பேரும்" என்றார் தவராசா அண்ணை. "கவிஞர் அங்கால போங்கோ. தம்பி, நீ இஞ்சால வா. மற்றவன்ர கண்ணால ஒருக்கா பாருங்கோ."

தாம்பாளத்தைச் சுற்றி நடந்தோம். கட்டில்களுக்கு நடுவே நாலடி இடம். ஒருவன் வயிற்றை எக்கி மற்றவனுக்கு வழிவிட வேண்டியிருந்தது. அவன் உட்கார்ந்த சூட்டில் நான் உட்கார்ந்தேன்.

கணக்கைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்ணை நிமிர்த்தியதும் எதிரே என் கட்டில் இருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தேன்மொழியின் கல்யாணப் படம். என் தலைக்குப் பின்னால் இருப்பதால் நான் அதை அதிகம் பார்ப்பதில்லை. பார்த்தவன் கதிர்வேல். தினமும் சோறு தின்னும்போது, எதிரே, நான் நிற்க வேண்டிய இடத்தில் என் தம்பி நிற்கும் அந்தப் படத்தை அவன் பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறான்.

நான் தினமும் பார்த்தது வேறு. இப்போது அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மேல்கட்டில் கம்பியில், பாலிதீன் உறையோடு, ஒரு குழந்தைச் சட்டை தொங்கியது. மகன் பிறந்த வாரம் வாங்கியது, கையகலம். பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிடப் பெரியது, ஏனென்றால் முதல் சட்டை மகனுக்குப் பத்தாமல் போய்விட்டது. பத்தாத சட்டையையும் அவன் கழற்றவில்லை. மாதக்கணக்காக என் கண்ணுக்கு நேரே அந்த இரண்டு சட்டைகளும் ஏசிக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளர்ந்த ஒரு பிள்ளை, யாரும் இல்லாமல், அந்தக் கம்பியில்.

அவனுடைய நியாயம் என் எதிரில் தொங்கியது. என்னுடையது அவன் எதிரில் ஒட்டியிருந்தது. இருவரும் மற்றவனுடையதைப் பார்த்துக்கொண்டே எங்களுடையதைப் பேசியிருக்கிறோம்.

தவராசா அண்ணை குச்சிகளைப் பழையபடி திருத்தி வைத்தார். இப்போது எனக்கு 1 = 5 − 6. என் பழைய இடத்தில் இருந்த கதிர்வேலுக்கு 9 − 5 = 1. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒன்பதின் மேல் வலக்குச்சியை எடுத்தான். ஒன்பது ஐந்தானது. குச்சியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துவிட்டு, அதைச் சமத்தின் மேல் குறுக்கே சாய்த்து வைத்தான்.

5 − 5 ≠ 1

"அஞ்சுல அஞ்சு போனா ஒண்ணு இல்லண்ணே" என்றான். "ஒண்ணுமே இல்ல."

நான் இருந்த பக்கத்திலிருந்து படித்தேன். 1 ≠ 5 − 5. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பிழையில்லை. சமமான இரண்டை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், ஜெயித்தவன் என்று ஒருத்தன் மிஞ்ச மாட்டான்.

"டேய், அது கள்ளவழியெண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்றார் தவராசா அண்ணை. ஆனால் குச்சியை எடுக்கவில்லை.

"நீ போ கதிரு" என்றேன்.

"நீங்க போங்கண்ணே. கல்யாணமும் பாக்கல நீங்க."

"போடான்னா போ. பையன் நடக்க ஆரம்பிச்சிடுவான்."

"நடக்கட்டும். எங்கிட்டு நடந்தாலும் எங்கிட்டத்தான வரணும். நீங்க போங்க."

"அடேய்!" தவராசா அண்ணை தாம்பாளத்தில் தட்டினார். குச்சிகள் துள்ளின. "ஒரு கிழமையா நான் போறன், நான் போறன் எண்டு சண்டை. இப்ப நீ போ, நீ போ எண்டு சண்டை. நாளைக்கு ஃபாரத்தில நானா பேர் எழுதிறது? எழுதினா என்ர பேரைத்தான் எழுதுவன், சொல்லிப் போட்டன்!"

அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது கேள்வி அப்படியே இருந்தது.

ஏழிலிருந்து நகர்ந்தது

நான் தேன்மொழிக்கு ஃபோன் போட்டேன். ஊரில் பொழுது சாய்கிற நேரம். பின்னால் மிக்ஸி ஓடியது. எல்லாவற்றையும் சொன்னேன், குச்சி உட்பட. கதிர்வேல் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிக்ஸி நின்றது.

"ஏம்ப்பா, வளைகாப்புல ஆம்பளைங்களுக்கு என்ன வேல?" என்றாள். "பந்தல்ல ஓரமா நின்னுக்கிட்டு, பந்திக்கு எல பத்துதான்னு பாத்துக்கிட்டிருப்பீங்க. வளையல் போடுறது பூரா பொம்பளைங்க. கன்னமெல்லாம் சந்தனத்த அப்பி வச்சிருப்பாங்க, உங்கள நான் நிமுந்துகூட பாக்க முடியாது."

"கல்யாணத்துக்கும் இல்ல, இதுக்கும் இல்லன்னா எப்படிடா..."

"அதத்தான் சொல்றேன். அந்த அண்ணன் மொதல்ல போயிட்டு வரட்டும். அவங்க திரும்பி வர்றப்ப எனக்கு ஒம்போதாம் மாசம் ஆயிடும். அப்ப வாங்க. வலி எடுக்கறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எங்கப்பா நிக்கணும். எனக்கு அதான் வேணும்."

ஃபோனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"இத முன்னாடியே சொல்லிருப்பேன்ப்பா. நீங்கதான் வளைகாப்பு, வளைகாப்புன்னு ஆசையா சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்."

கடன் பட்டவனைப் போல இத்தனை மாதம் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்யாணத்தில் இல்லாத அப்பன் வளைகாப்பில் இருந்தாக வேண்டும் என்பது என் கணக்கு. அவள் எதிரே உட்கார்ந்து வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு குச்சியை அவள் நகர்த்தினாள். என் பக்கம் சரி, அவள் பக்கம் சரி, கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பக்கமும் சரி.

திங்கள் காலை ஒரே ஃபாரம் போனது. கதிர்வேலின் பெயர் என் கையெழுத்தில் இருந்தது, அவனுக்கு ஆங்கில எழுத்து கோணும். சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அச்சா" என்று மட்டும் சொன்னார்.

அவன் கிளம்பும்போது பெரிய சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டான். சின்னது கம்பியிலேயே ஆடியது. வளைகாப்பன்று நான் மெஷினின் இரண்டு முனைக்கும் நானே ஓடி ஓடி அறுத்தேன். மதியச் சோற்று நேரத்தில் ஃபோனில் பார்த்தேன். அவள் சொன்னது சரி, நிமிரவே இல்லை. சந்தனத்துக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிந்தது.

கதிர்வேல் சொன்ன தேதியில் திரும்பி வந்தான். "மூணு நாளு என்னயக் கண்டாலே அழுதாண்ணே. நாலாம் நாளு மடியில வந்து ஒண்ணுக்குப் போனான்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்ததை என்னால் எழுத முடியாது. முயன்றிருக்கிறேன்.

பிறகு நான் போனேன்.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி. காலை வெயில் நடைபாதைத் தரையில் ஜன்னல் கம்பிகளைக் குச்சி குச்சியாக வரைந்திருந்தது. வாசலில் நின்றேன். அவள் கேட்ட இடத்தில், அவள் கேட்ட நேரத்தில், வேறு எதுவும் செய்யத் தெரியாமல் நின்றேன். பேத்தி பிறந்தாள்.

உள்ளே விட்டபோது குழந்தை தொட்டிலில் கிடந்தாள். நான் போய் நின்றது தலைமாட்டில். முகம் தலைகீழாகத் தெரிந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் தாடை, கண்கள் மூடிய இரண்டு சின்னப் படுக்கைக் கோடுகள்.

"யாரு மாதிரிப்பா இருக்கா?" என்றாள் தேன்மொழி. குரலில் களைப்பு, ஆனால் சிரிப்பும் இருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா ஒன் மாமியார் வீட்டு ஜாடை" என்றேன். "இரு."

தொட்டிலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.